போன வருடத் தேதியை நம்பி ஏமாந்தேன்: தீபாவளிப் பரிசுப் பெட்டி விற்றவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

ஓலைக்கொட்டான்

நான் தூத்துக்குடிப் பக்கம். ஊரில் பன்னிரண்டு பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். மூடியோடு இரண்டு பெட்டி ஒரு செட். வருடத்தில் பாதி வியாபாரம் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தில்தான்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31. சரக்கு அக்டோபர் 3ஆம் தேதி தளத்தின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நான்காவது வாரம் 38 செட், மூன்றாவது வாரம் 71, இரண்டாவது வாரம் 124, கடைசி வாரம் 52. மொத்தம் 285. எனக்குத் தலைகால் புரியவில்லை. 'அடுத்த வருடமும் இதே மாதிரி, கொஞ்சம் கூடுதலாக' என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

2025இல் 400 செட் தயார் செய்து, அதே அக்டோபர் 3க்குக் கிடங்குக்கு அனுப்பினேன். ஆனால் அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. பதினொரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. காலண்டர் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது, நான்தான் பார்க்கவில்லை. கிடங்கில் வண்டிகள் வரிசை கட்டி நின்றதால் பெட்டிகள் விற்பனைக்கு வரவே 7ஆம் தேதி ஆகிவிட்டது. கையில் இருந்தது பதின்மூன்று நாள். 140 செட் போனது. மீதி 260.

அந்த 260ஐ நவம்பரில் திருப்பி எடுத்தேன். மழை நேரம். ஓலை ஈரம் குடித்து, முக்கால்வாசிப் பெட்டியில் பூசண வாடை. வெயிலில் காய வைத்துத் துடைத்துப் பார்த்தேன். பாதியைத்தான் தேற்ற முடிந்தது.

இந்த வருடம் தேதி, சொல், படம் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்கிறேன். நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

பித்தளை அண்ணாச்சி

தங்கச்சி, தேதியை விடுங்க. விஷயம் சொல்லில்தான் இருக்கு. நான் விளக்கு விற்கிறேன். சீசன் வந்தால் தினமும் காலையில் தலைப்பை மாற்றுவேன். ஒரு நாள் தீபாவளி, ஒரு நாள் பரிசு, ஒரு நாள் குத்துவிளக்கு. மாற்றிக்கொண்டே இருந்தால்தான் தளம் நம்மை மேலே தூக்கும். பின்பக்கம் தேடுசொல் போடும் கட்டத்தில் தமிழிலும் முழுக்க நிரப்புங்க. நம் ஆட்கள் தமிழில்தான் தேடுவார்கள்.

கணக்குப்பிள்ளை

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. சீசனுக்குச் சொல்லைப் புதுப்பிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. தினமும் மாற்றுவதுதான் ஆபத்து. நான் ஏழு வருடமாக மற்றவர்களின் கடைக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். உச்ச வாரத்தில் தலைப்பையும் முதல் படத்தையும் தொட்டு, லிஸ்டிங் பரிசீலனைக்குப் போய் மூன்று நாள் காணாமல் போனதை இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டியதை ஆறு வாரம் முன்பே மாற்றிவிட்டு அப்புறம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பின்பக்கக் கட்டத்துக்கு அளவு உண்டு. நான் பார்க்கும் தளத்தில் 200 பைட். எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. `diwali` என்றால் ஆறு பைட்டில் முடிந்துவிடும். `தீபாவளி` என்று அடித்தால் துணைக்கால், மேல்விலங்கு எல்லாம் தனித்தனிக் குறி, ஆக ஏழு குறி, 21 பைட். இப்படிப் பத்துச் சொல் போட்டாலே கட்டம் நிரம்பி வழியும். அளவைத் தாண்டினால் கடைசிச் சொல் மட்டும் போவதில்லை, மொத்தக் கட்டத்தையுமே கணக்கில் எடுக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது சுலபம். தேடல் பெட்டியில் உங்கள் பொருளின் எண்ணையும் அந்தச் சொல்லையும் சேர்த்து அடியுங்கள். உங்கள் பொருள் வந்தால் சொல் ஏறியிருக்கிறது. வராவிட்டால் ஏறவில்லை. மாற்றிய மறுநாளே பார்க்காமல் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

தலைப்பில் இருக்கும் சொல்லைக் கட்டத்தில் திரும்பப் போட வேண்டாம், இடம்தான் வீண். அங்கே எழுத்துக்கூட்டல் வித்தியாசங்களைப் போடுங்கள். வடக்கே `diwali`, இங்கே பலர் `deepavali`. கொலுவுக்கு `golu`, `kolu` இரண்டும் அடிக்கிறார்கள்.

பித்தளை அண்ணாச்சி

பைட் சமாச்சாரம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் விளக்கு தமிழ்ச் சொல்லில் விற்றிருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை

விற்றிருக்கலாம் அண்ணாச்சி, மறுக்கவில்லை. என் கணக்குகளில் தமிழ் எழுத்துத் தேடல் மிகக் குறைவாகத்தான் வந்தது. விளக்கு வாங்குகிறவர்கள் வேறு மாதிரி தேடலாம்.

நெய்மணம்

அக்கா, நான் வீட்டில் மைசூர்பாகு, அதிரசம் செய்து விற்கிறேன். அரைக் கிலோ பிடிக்கிற பெட்டி 40 வேண்டும். விலை என்ன? நெய் ஓலையில் இறங்குமா? சதுரமா, வட்டமா?

ஓலைக்கொட்டான்

தங்கமே, நான் இங்கே விற்க வரவில்லை, விற்க முடியாத கதையைச் சொல்ல வந்தேன்! ஆனால் நீ கேட்ட மூன்று கேள்விக்கும் என் லிஸ்டிங்கில் பதில் இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. 18க்கு 12 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறேன். அரைக் கிலோ இனிப்பு பிடிக்கும் என்று போடவில்லை. நெய் இறங்கும், வெண்ணெய்த்தாள் விரித்து வைக்க வேண்டும். அதையும் எழுதவில்லை.

மதுரை மல்லிகா

நான் பரிசுப் பொருள் என்று சொல்லி விற்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவள். சணல் பைதான் என் சரக்கு. 2023இல் தலைப்பில் `diwali gift hamper` என்று சேர்த்தேன். படத்தில் அழகுக்காகப் பையில் முந்திரி, பிஸ்தா, ஒரு சின்ன விளக்கு வைத்து எடுத்திருந்தேன். ஆர்டர் கொட்டியது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் திரும்பி வர ஆரம்பித்தது. "முந்திரி எங்கே?" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஹேம்பர் என்றால் உள்ளே ஏதோ இருக்கும் என்றுதானே அர்த்தம்.

அப்புறம் தலைப்பில் `empty` என்ற சொல்லைச் சேர்த்தேன். வெறும் பை என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்று பயம் இருந்தது. நடந்தது தலைகீழ். `empty gift bag for sweets` என்று அடித்துத் தேடுகிறவர்கள் பத்து, இருபது என்று வாங்குகிறார்கள். அவர்கள் சொந்தமாக நிரப்பிக் கொடுக்கிறவர்கள். திருப்பி அனுப்புவதே இல்லை. முந்திரிப் படத்தை எடுத்துவிட்டு, காலிப் பை ஒரு படம், அருகிலேயே அரைக் கிலோ இனிப்புப் பெட்டி உள்ளே போகும் படம் ஒன்று என்று வைத்தேன்.

ஓலைக்கொட்டான்

ஐயோ, என் தலைப்பிலும் ஹேம்பர் இருக்கிறது. இன்றைக்கே எடுக்கிறேன். கணக்குப்பிள்ளை சார், எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? நான் தோன்றியதைப் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

விளம்பர அறிக்கையில் வாடிக்கையாளர் தட்டிய சொற்கள் அப்படியே வரும். போன செப்டம்பர், அக்டோபர் அறிக்கை இருந்தால் அதுதான் புதையல். தளம் நீண்ட நாள் வைத்திருக்காது, மாதா மாதம் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உங்களைப் போன்ற ஒருவருக்கு ஜூலையில் `palm leaf box`, `olai petti` என்று வந்தது. பொருள் தெரிந்தவர்கள், தங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவர்கள். செப்டம்பரில் `return gifts for navratri`, அக்டோபரில் `empty gift box for sweets`. பனையோலை என்ற சொல்லே அதில் இல்லை. இவர்களுக்கு யாருக்குக் கொடுப்பது, எத்தனை வேண்டும் என்பதுதான் கணக்கு. அவர்களுக்காகப் பத்துச் செட் மொத்தமாக ஒரு தேர்வு வையுங்கள், ஒரே லிஸ்டிங்குக்குள்ளேயே. புது லிஸ்டிங் போட்டால் உங்கள் பழைய விமர்சனங்கள் அதற்கு வராது.

மதுரை மல்லிகா

இதில் எனக்கு உடன்பாடில்லை சார். நான் பண்டிகைக்குத் தனி லிஸ்டிங்தான் வைத்திருக்கிறேன். தலைப்பில் தீபாவளி என்று இருந்தால் டிசம்பரில் வளைகாப்புக்கு வாங்குகிறவர் தாண்டிப் போய்விடுகிறார். எனக்கு அப்படி நடந்தது.

கணக்குப்பிள்ளை

பண்டிகை முடிந்த மறுநாள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் போதும் என்பது என் பழக்கம். மறந்து போகிறவர்களுக்கு உங்கள் வழி நல்லதுதான்.

ஓலைக்கொட்டான் அம்மா, தேதிக்கு வருவோம். உங்கள் 2024 கணக்கு தவறே இல்லை, எழுதி வைத்த விதம்தான் தவறு. 'அக்டோபர் 3' என்று எழுதினீர்கள். 'பண்டிகைக்கு 28 நாள் முன்பு' என்று எழுதியிருந்தால் 2025இல் செப்டம்பர் 22 என்று வந்திருக்கும். 2026இல் தீபாவளி நவம்பர் 8. இப்போது அந்தச் செப்டம்பர் 22க்கே சரக்கு போய்ச் சேர்ந்தால் பத்தொன்பது நாள் முந்திவிடும், கிடங்கு வாடகைதான் ஏறும். பின்னாலிருந்து எண்ணினால் அக்டோபர் 11க்குச் சரக்கு விற்பனையில் இருக்க வேண்டும். கிடங்கு தாமதத்துக்கு இரண்டு வாரம் கழித்தால் செப்டம்பர் 27க்கு வண்டி ஏற்ற வேண்டும்.

ஒரு சிக்கல், அதே அக்டோபர் 11இல்தான் நவராத்திரி ஆரம்பம். கொலுவுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக்கொடுக்க வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே வாங்கி முடித்திருப்பார்கள். அவர்களையும் பிடிக்க வேண்டுமானால் ஒரு பங்கு செப்டம்பர் நடுவிலேயே விற்பனையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடும். வடக்கே தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தன்தேரஸிலிருந்தே கைமாறத் தொடங்கிவிடும். டெல்லிக்குப் போகிற ஆர்டர் ஒரு வாரம் முன்பே வறண்டுவிடும். கடைசி நாட்களில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்தான். அதனால் கடைசி ஐம்பது செட்டைக் கிடங்குக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக் கூரியரில் அனுப்புங்கள்.

ஓலைக்கொட்டான்

கணக்கு சரி சார், ஆனால் ஓலைக்கு வேறு கணக்கு. குருத்தோலையை வெயிலில் நன்றாகக் காய வைத்துத்தான் கீற வேண்டும், சாயம் முக்கினால் இன்னொரு தடவை காய வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் எங்கள் பக்கம் வானத்தை நம்ப முடியாது. மாமியார் சொல்வார், "ஈர ஓலையில் முடைந்தால் மூடி அடுத்த வாரம் சேராது" என்று. காய்ந்ததும் ஓலை சுருங்கி மூடி லொடலொடவென்று ஆகிவிடும். ஆகவே பண்டிகை எவ்வளவு தள்ளிப் போனாலும் ஆகஸ்டிலேயே முடைந்து முடித்தாக வேண்டும். முடைந்ததைக் கிடங்குக்கு அனுப்பாமல், பரணில் காற்றோட்டமாக வைத்துப் பகுதி பகுதியாக அனுப்பலாம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு பேருக்கும் கூலியை ஆகஸ்டிலேயே கொடுக்க வேண்டும், பணம் நவம்பரில்தான் வரும். அதற்கு வழி இன்னும் தெரியவில்லை.

தலைத்தீபாவளி அம்மா

நான் விற்பவள் இல்லை, வாங்குகிறவள். போன வருடம் மகளுக்குத் தலைத்தீபாவளி. சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் வைத்துக் கொடுக்க ஓலைப்பெட்டி தேடினேன். எங்களுக்கெல்லாம் ஒரு மாதம் முன்பே பட்டியல் தயார். கேட்டால் கிடைக்கவில்லை. அது உங்கள் பெட்டியாகக்கூட இருந்திருக்கலாம்.

ஓலைக்கொட்டான்

அம்மா, நீங்கள் தேடியபோது என் பெட்டியெல்லாம் லாரியில் இருந்தது. என்ன சொல் அடித்துத் தேடினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

தலைத்தீபாவளி அம்மா

`thalai deepavali seer box` என்று அடித்தேன். வெள்ளித் தட்டாக வந்து நின்றது.

நெய்மணம்

அக்கா, என் 40 பெட்டி என்ன ஆச்சு?

ஓலைக்கொட்டான்

வைத்திருக்கிறேன் தங்கமே. தேறிய 130இல் மூடி இறுக்கமாக உள்ளதாகப் பார்த்து எடுத்துப் படம் அனுப்புகிறேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன்.