பயிற்சி வகுப்புச் சேர்க்கைச் சுவரொட்டி: ‘பேட்ச்’ என்பதை எப்படி எழுதுவது?

செல்வி:
அன்புடையீர், பயிற்சி வகுப்பு ஒன்றின் சேர்க்கைச் சுவரொட்டி நாளை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பாடப் பட்டியலில் சிக்கலில்லை. ‘பேட்ச்’ என்ற சொல்தான் இடறுகிறது. அதற்கு ‘வகுப்பு’ என்று போட்டுப் பார்த்ததில் வரைவு இப்படி அமைந்தது:

10-ஆம் வகுப்பு: கணிதம், அறிவியல்
மாலை முதல் வகுப்பு: 5.00 – 6.30
மாலை இரண்டாம் வகுப்பு: 6.45 – 8.15
ஒரு வகுப்பில் 15 பேர் மட்டும்
தொடர்புக்கு: வேண்டிய வகுப்பைக் குறிப்பிட்டு அழைக்கவும்

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இங்கே இடமுண்டு என்றுதான் இதைப் படிப்பவர் எண்ணுவார். வேறு சொல் தந்து உதவுங்கள்.

இளங்கோ:
‘பேட்ச்’ என்று அப்படியே எழுதிவிடலாம் என யாரும் சொல்வதற்கு முன் ஒன்றை நினைவூட்டுகிறேன்: வல்லின மெய் தமிழில் சொல்லுக்கு இறுதியாக வருவதில்லை. நமக்கு ‘ஈடு’ இருக்கிறது. அடுப்பில் ஒரே தடவையாக இட்டு எடுப்பதை ஓர் ஈடு, இரண்டாம் ஈடு என்று வீடுதோறும் சொல்கிறோம். ‘இடு’ என்னும் வினை முதல் நீண்டு பெயராயிற்று. படு பாடு ஆனதும் சுடு சூடு ஆனதும் இவ்வகையே. ஆங்கிலச் சொல்லும் அடுமனையிலிருந்து வந்ததுதான் என்பதால் இரண்டும் ஒரே வழியில் பிறந்த சொற்கள். ‘மாலை முதல் ஈடு’ என்று துணிந்து எழுதுங்கள்.

கதிரேசன்:
என் கருத்தில் முதலில் மாற்ற வேண்டியது ‘டியூஷன்’ என்பதைத்தான். அதைத் ‘தனிப்பயிற்சி’ என்று எழுதுங்கள். நான் நடத்தும் இசை வகுப்பின் அறிவிப்பில் ‘பிரிவு 2’ என்று போட்டிருந்தேன். பள்ளியில் ஆ பிரிவில் படிக்கும் பிள்ளைகள் மட்டும் சேரலாம் என்று அதைப் புரிந்துகொண்டு பலர் அழைத்துக் கேட்டார்கள்.

செல்வி:
கதிரேசன் ஐயா, வரைவில் ‘டியூஷன்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் ‘பிரிவு’ ஏன் ஆகாது என்பதற்கு உங்கள் அனுபவமே போதும். ‘அணி’ என்று எழுதினால் என்ன?

மீனாட்சி:
‘அணி’ தனியே நின்றால் நல்ல சொல். ஆனால் நேரத்தோடு சேர்த்தால் ‘மாலை அணி’ என்றாகும். அது பூமாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லும் ஏவலாகவும் ஒலிக்கும். ‘காலை அணி’யோ காலணிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ‘ஈடு’ பற்றி இளங்கோ ஐயா சொன்ன இலக்கணம் சரிதான், ஆனால் சுவரொட்டியில் அச்சொல்லைக் காண்பவருக்கு அடைமானமும் இழப்பீடும் அல்லவா முதலில் தோன்றும்? கட்டணத்தைப் பற்றிய குறிப்பு என்றே கொள்வார்கள்.

சிக்கல் சொல்லில் இல்லை என்பது என் எண்ணம். செல்வியின் வரைவில் ‘பேட்ச்’ இரண்டு வேலை செய்கிறது: நேர வரிகளில் அது பொழுதைக் குறிக்கிறது, ‘15 பேர்’ என்னும் வரியில் ஆட்களின் தொகையைக் குறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தேடுவதால்தான் எதுவும் பொருந்தவில்லை. நேர வரியில் பொழுதும் மணியும் இருந்தாலே போதும். அங்கே பெயரே வேண்டாம். ஆட்களைச் சொல்லும் இடத்தில் ‘குழு’ என்று எழுதலாம். தொடர்பு வரியில் ‘வேண்டிய நேரத்தைக் குறிப்பிட்டு அழைக்கவும்’ என்றால், அழைப்பவர் ‘மாலை 5 மணிக்குச் சேர்க்க வேண்டும்’ என்பார். அவர் வாயில் இயல்பாக வராத சொல்லைச் சுவரொட்டியில் அச்சிட்டுப் பயனில்லை.

இளங்கோ:
பொழுதுதான் வேண்டுமென்றால் அதற்கும் தொல்காப்பியத்தில் சொற்கள் உள்ளன, அம்மா. நெய்தலுக்குரிய ‘எற்பாடு’ என்பது எல், அதாவது ஞாயிறு, சாயும் நேரம். 5 மணி வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘எற்பாடு’, ‘மாலை’ என்று இரண்டு பெயர் வைத்தால் முதல், இரண்டாம் என்ற எண்ணே தேவைப்படாது.

கதிரேசன்:
அதை ‘ஏற்பாடு’ என்பதன் அச்சுப்பிழை என்று நினைத்து அச்சகத்தார் திருத்திவிடுவார், ஐயா.

செல்வி:
மீனாட்சி அம்மாவின் யோசனைப்படி மாற்றியிருக்கிறேன்:

10-ஆம் வகுப்பு: கணிதம், அறிவியல்
மாலை 5.00 – 6.30 அல்லது 6.45 – 8.15
ஒரு குழுவில் 15 பேர் மட்டும்
தொடர்புக்கு: வேண்டிய நேரத்தைக் குறிப்பிட்டு அழைக்கவும்

இதற்குக் கீழே பொறுப்பாளரின் பெயரும், தனி வரியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு கைப்பேசி எண்ணும், அழைக்கத்தக்க நேரமும் வரும். அழைக்கும் நேரம் வகுப்பு நேரத்தோடு கலந்துவிடாமலிருக்க இடையில் ஒரு கோடு இடுகிறேன். ‘அல்லது’ என்று எழுதாவிட்டால் இரண்டு வேளையும் வர வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆகவே அது இருக்கட்டும்.

மீனாட்சி:
இரண்டாம் வரியில் 6.45-க்கு முன்னும் ‘மாலை’ வர வேண்டும். தொலைவிலிருந்து படிப்பவர் அதைக் காலை என்று கொள்ள இடமிருக்கிறது. மற்றபடி எனக்குச் சம்மதம்.

இளங்கோ:
சுவரொட்டி போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வகுப்பு தொடங்கியபின் வருகைப் பதிவேட்டின் அட்டையில் ‘5 மணி’ என்றா எழுதுவார்கள்? நேரம் மாறினால் அக்குழுவுக்குப் பெயர் என்ன? அப்போது ஒரு சொல் வேண்டியிருக்கும். ‘ஈடு’ என்னும் என் பரிந்துரையை நான் திரும்பப் பெறவில்லை.