மஞ்சக்குப்பம் குடும்பம்: கலா அத்தை வயிறு உப்பசம்

கலா: இன்னிக்கும் ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல. முன்னல்லாம் அஞ்சு சாப்பிடுவேன். பாவாடை நாடா வேற தளர்த்தி கட்ட வேண்டியதா இருக்கு, ஆனா கை கால் எளைச்சிருக்குன்றாங்க

மோகன்: கேஸ்தான் கலா. ஓமத்தண்ணி குடி. எனக்கும் இப்டிதான், எண்டோஸ்கோபி பாத்து மாத்திரை குடுத்தாங்க சரியாச்சு

ராணி: எனக்கும் உப்பும் அண்ணி, சுண்டல் சாப்ட்டா அன்னிக்கு ஃபுல்லா, மறுநாள் போயிடும்

சுதா: பெரியம்மா உங்களுக்கு வந்து போவுது. அத்தைக்கு தெனமும் இருக்கு. அத்தை எவ்ளோ நாளா? மோஷன் எப்டி?

கலா: ரெண்டு மாசம் இருக்கும். மூணு நாளைக்கு ஒருக்கா, போனாலும் பாக்கி இருக்கற மாதிரியே இருக்கு. யூரின் அடிக்கடி வருது. கேஸ் டாக்டர் எண்டோஸ்கோபி நார்மல்னுட்டார், மாத்திரைல அடங்கல

சுதா: அத்தை உங்களுக்கு 52. இந்த வயசுல புதுசா இப்டி ஆரம்பிச்சு தெனமும் இருந்தா சினைப்பைய பாத்தே ஆகணும். நான் வார்டுல பாத்த நெறய பேரு மொதல்ல கேஸுன்னுதான் வந்தாங்க. சினைப்பை அடிவயித்துல குடலுக்கும் யூரின் பைக்கும் பக்கத்துல இருக்கு, அங்க கட்டி வளந்தா இல்ல தண்ணி கோத்தா எல்லாத்தயும் அழுத்தும், அதான் கொஞ்சம் சாப்ட்டாலே ரொம்பிடும். ரத்தப்போக்கு இருந்தாதான் பயம்னு நெனைக்காதீங்க, பல பேருக்கு அது இருக்காது. எண்டோஸ்கோபி எரைப்பை உள்ளதான் காட்டும்

விஜி: போன வருஷம் பாப் ஸ்மியர் நார்மல்தானே? கர்ப்பப்பையெல்லாம் செக் ஆயிடுச்சே

சுதா: இல்ல விஜி, அது கர்ப்பப்பை வாய்க்கு மட்டும். சினைப்பை அதுல தெரியாது. வயிறு, அடிவயிறு ரெண்டும் சேத்து ஸ்கேன் எடுக்கணும், கூட சிஏ 125னு ரத்த டெஸ்ட்

விஜி: ரத்த டெஸ்ட் மட்டும் குடுத்தா போதாதா? 35க்கு கீழ இருந்தா நார்மல்னு படிச்சேன்

சுதா: 35 கணக்கு சரிதான். ஆனா ஆரம்பத்துல பல பேருக்கு அது ஏறவே ஏறாது, நார்மல்னு வீட்டுக்கு வந்துடுவாங்க. ஃபைப்ராய்டு இருந்தாகூட ஏறும், அதனால ஏறுனாலும் கேன்சர்னு அர்த்தம் இல்ல. ரெண்டயும் சேத்து பாக்கணும்

ராணி: ஐயோ கேன்சர்னு எல்லாம் சொல்லாத பாப்பா

சுதா: இருக்குன்னு சொல்லல பெரியம்மா, சாதா நீர்க்கட்டியாகூட இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். அத்தை, உங்க அக்காவுக்கு மார்ல கட்டி எந்த வயசுல?

கலா: 44

சுதா: அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, மார்பு கேன்சரும் சினைப்பை கேன்சரும் ஒரே குடும்பத்துல வர்றது உண்டு. ஸ்கேன்ல சந்தேகமான கட்டி இருந்தா இங்க யாரும் ஊசி குத்தி தண்ணி எடுக்க விடாதீங்க, ஒடைஞ்சா உள்ளயே பரவும். நேரா ஜிப்மர் போயி கேன்சர் ஆபரேஷன் பண்ற டாக்டர பாக்கணும். ஸ்கேன் சுத்தமா இருந்து மோஷன் இப்டியே இருந்தா பெருங்குடலயும் பாக்கணும்

மோகன்: நான் எண்டோஸ்கோபியோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். நாளைக்கு ஆட்டோ சொல்லிட்டேன் கலா

கலா: வெறும் வயித்துல வரணுமா?

சுதா: ஆமா சாப்பிடாதீங்க, ஒரு மணி நேரம் முன்னாடி நாலு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு யூரின் போகாம வாங்க. பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கோங்க