ஐஸ் உருகியோ, தண்ணி விரிஞ்சோ? கடல் ஏறுற கணக்கு

ஏலெவல்_பிள்ளை (கிளிநொச்சி): கடல் மட்டம் ஏறுறதுக்கு ஐஸ் உருகுறதும், சூட்டில தண்ணி விரியிறதும் ரெண்டுமே காரணம் எண்டு ரியூசனில சொன்னவை. ஐஸ் சரி. அரைப் பாகை, ஒரு பாகைச் சூட்டுக்குத் தண்ணி அப்பிடி என்ன விரியப் போகுது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாலைப்பழம்: ரெண்டும் பிழை தங்கச்சி. ஒரு கிளாஸில ஐஸ் கட்டி போட்டு விளிம்பு மட்டும் தண்ணி விட்டு வையுங்கோ. முழுக்க உருகினாலும் ஒரு சொட்டு வழியாது. பிறகெப்பிடிக் கடல் ஏறும்? விரியிற கதையும் சரிவராது. எங்கட நாச்சிக்குடாப் பக்கம் கனதூரம் போனாலும் ஆழம் பத்து மீற்றர் வாறதே பெரிசு. அந்தத் தண்ணி எவ்வளவுதான் விரியும்?

குளத்தடி: இரணைமடுவில வெயில் ஏற ஏறத் தண்ணி இறங்குது. சூட்டில தண்ணி கூடும் எண்டுறவை ஒருக்கா ஆடி மாசம் வந்து பாக்கட்டும்.

பழைய_பௌதிகம்: குளத்தடி, உங்கட குளம் வயலுக்குப் போகுது, வானத்துக்கும் போகுது. பத்து மீற்றர் ஆழத் தண்ணி ஒரு பாகை சூடானால் மூண்டு மில்லிமீற்றர்தான் உயரும். நல்ல வெயிலில ஒரு நாளில ஆவியாகிறதே அதைவிடக் கூட. அதாலதான் குளத்தில அது கண்ணுக்குத் தெரியாது. கடலில ஆவியாகிறது மழையாயும் ஆறாயும் திரும்பக் கடலுக்கே வந்து சேரும்.

பாலைப்பழம் தம்பி சொன்ன கிளாஸ் கணக்கு மிதக்கிற ஐஸுக்குச் சரி. வடதுருவக் கடலில மிதக்கிற ஐஸ் உருகிறதால மட்டம் கிட்டத்தட்ட மாறாது. ஆனா கிறீன்லாந்தில கிடக்கிற ஐஸ் மிதக்கேல்லை. பாறைக்கு மேல, சில இடத்தில மூண்டு கிலோமீற்றர் தடிப்பில கிடக்கு. உங்கட கிளாஸுக்கு மேல ஒரு வடியை வைச்சு, அதில ஐஸ் கட்டியைப் போட்டுப் பாருங்கோ. வழியுதோ இல்லையோ எண்டு நீங்களே சொல்லுவியள்.

பாலைப்பழம்: வடி கதை சரி, ஒப்புக்கொள்ளுறன். ஆனா அப்ப ஐஸ்தானே காரணம்? விரியிறதை ஏன் இழுக்கிறியள்? பத்து மீற்றருக்கு மூண்டு மில்லிமீற்றர் எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள்.

பழைய_பௌதிகம்: நல்ல இடத்தில பிடிச்சீர். பாக்கு நீரிணைத் தண்ணி தானாய் விரியிறது அற்பம்தான். ஆனா அது தனிக் குளமில்லை, வங்காள விரிகுடாவோட தொடுத்துக் கிடக்கு. அங்கால ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றர். உதாரணத்துக்கு மேல் ஆயிரம் மீற்றர் சராசரியாய்க் கால் பாகைதான் சூடாகுது எண்டு வையுங்கோ. ஆழத்துத் தண்ணி குளிர், அதால விரிவு குளத்தைவிடக் கொஞ்சம் குறைவு; ஒரு பாகைக்குப் பத்தாயிரத்தில ரெண்டு பங்கு விரியும் எண்டால், கணக்குப் பாருங்கோ, ஐஞ்சு சென்ரிமீற்றர் வரும். இப்ப ஆழ்கடல் ஐஞ்சு சென்ரிமீற்றர் உயர்ந்து நிக்குது, எங்கட கரை மில்லிமீற்றர் கணக்கில நிக்குது. தண்ணி மேட்டில நிண்டுகொண்டு பாத்துக்கொண்டிருக்குமோ? கரைப் பக்கம் வழியும்.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. பாக்கு நீரிணை அடியில ஒரு அமுக்கமானியை வைச்சால், ஒரு கட்டி ஐஸ் உருகாமலே தண்ணிப் பாரம் கூடினதாய்க் காட்டும். கடலுக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் புதுசாய் வரேல்லை, ஆழத்தில இருந்தது இஞ்ச இடம் மாறினது மட்டும்தான்.

ஏலெவல்_பிள்ளை: சேர், நான் பிளாஸ்டிக் போத்தலில தண்ணி நிரப்பி, மூடியில ஸ்ட்ரோ செருகி வெயிலில வைச்சனான். ஒரு விரல் அளவுகூட ஏறேல்லை. அதுதான் சந்தேகம் வந்தது.

பழைய_பௌதிகம்: போத்தலும் விரிஞ்சிருக்கும் பிள்ளை. பிளாஸ்டிக் கண்ணாடியைவிடப் பலமடங்கு விரியும், தண்ணி ஏற வேண்டியதில பாதிக்கு மேல அது விழுங்கிப்போடும். கண்ணாடிப் போத்தல் எடுங்கோ, நெல்லிக்கிறஸ் போத்தல் காணும். கொதிக்க வைச்சு ஆறின தண்ணி விடுங்கோ, இல்லாட்டிச் சூட்டில காத்துக் குமிழ் பிரிஞ்சு வந்து பொய்க் கணக்குக் காட்டும். மூடியைச் சுத்தி மெழுகு. 750 மில்லிலீற்றர் போத்தல், 27 பாகையில இருந்து 37க்குப் போனால், ஐஞ்சு மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ஸ்ட்ரோவில பத்து சென்ரிமீற்றருக்கு மேல ஏற வேணும். நிழலில எடுத்து வைச்சால் திரும்ப இறங்க வேணும். இறங்காமல் நிண்டால் உள்ளுக்க குமிழ் எண்டு அர்த்தம்.

குளத்தடி: நெல்லிக்கிறஸ் போத்தலோ, வேற போத்தலோ, வாத்தியாருக்குத்தான் வெளிச்சம் :)

வாடிக்காரி (முல்லைத்தீவு): நீங்கள் போத்தலில அளக்கிறியள். எங்கட வாடியை மூண்டு தரம் பின்னுக்கு நகத்திப்போட்டம். கிணத்துத் தண்ணியும் உவருது. இது எந்தக் கணக்கில வரும், ஐஸோ சூடோ?

பழைய_பௌதிகம்: அக்கா, முழுதையும் இந்த ரெண்டில போட என்னால ஏலாது. 1901 முதல் 2018 வரைக்கும் உலகச் சராசரியில கடல் ஏறினது 20 சென்ரிமீற்றர் அளவு. வாடிக்கைக் கச்சான், வாடைக் காத்துகளில மண் அள்ளுப்படுறதும், கரையில மண் அகழுறதும், கிணத்தில மோட்டர் போட்டு இறைக்கிறதும் சேர்ந்திருக்கும்.

வாடிக்காரி (முல்லைத்தீவு): நாங்கள் மண் அகழேல்லை. 20 சென்ரிமீற்றர் உங்களுக்குச் சின்னன். சாய்வு குறைஞ்ச கரையில அது எவ்வளவு தூரம் உள்ளுக்க வரும் எண்டு நிண்டு பாத்தவைக்குத்தான் தெரியும்.

பழைய_பௌதிகம்: அதுவும் ஞாயம். எந்தப் பங்கு எவ்வளவு எண்டு உங்கட கரையை வருசக்கணக்காய் அளந்தால்தான் சொல்லலாம்.

பாலைப்பழம்: சேர், கடைசியாய் ஒண்டு. ஏறினது ஏறினதுதான். அதில இவ்வளவு ஐஸ், இவ்வளவு சூடு எண்டு எந்தத் தராசில பிரிக்கிறாங்கள்?

பழைய_பௌதிகம்: உண்மையில தராசுதான். உயரத்தைச் செய்மதி ராடர் அளக்குது. பாரத்தை GRACE எண்ட ரெட்டைச் செய்மதி 2002இல இருந்து அளந்தது, இப்ப அதின்ர அடுத்த சோடி அளக்குது. கடலில தண்ணி கூடினால் ஈர்ப்புக் கூடும், முன்னால போற செய்மதிக்கும் பின்னால வாறதுக்கும் இடைத்தூரம் மயிரிழை அளவு மாறும். விரிஞ்ச தண்ணிக்குப் பாரம் கூடாது, அதால அது இந்தத் தராசில விழாது. சூட்டை அளக்கிறது Argo மிதவை. ஆயிரம் மீற்றரில ஒன்பது நாள் போல மிதந்து திரிஞ்சு, பிறகு ரெண்டாயிரம் மீற்றருக்கு இறங்கி, அங்கயிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேல வந்து செய்மதிக்கு அனுப்பும்.

உயரத்தில இருந்து பாரத்தைக் கழிச்சால் மிச்சம் மிதவை சொல்லுற விரிவோட ஒத்து வரவேணும். 2006 முதல் 2018 வரை வருசத்துக்கு ஏறினது 3.7 மில்லிமீற்றர், அதில விரிவு 1.4 அளவு. மிச்சத்தில பெரும்பங்கு நிலத்து ஐஸ்.

ஒரு மில்லிமீற்றர் சின்னதாய்த் தெரியும். கடல் பரப்பு 36 கோடி சதுர கிலோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்கு 360 கன கிலோமீற்றர் தண்ணி வேணும். குளத்தடி, உங்கட இரணைமடு மாதிரி ரெண்டாயிரத்துக்கு மேற்பட்ட குளம்.

பாலைப்பழம்: ரெண்டாயிரம் மீற்றருக்குக் கீழ?

பழைய_பௌதிகம்: அந்த மிதவைகளில பெரும்பாலானது அதுக்குக் கீழ போகாது. கப்பலில போய் அங்கங்க அளந்ததுதான் இருக்கு. அங்கயும் சூடு இறங்குது, ஆனா கணக்கில இழுபறி உள்ள இடம் அதுதான்.

பாலைப்பழம்: அப்ப நான் முழுக்கப் பிழை இல்லை.

ஏலெவல்_பிள்ளை: சேர், கண்ணாடிப் போத்தலில வைச்சனான். எட்டு சென்ரிமீற்றர். நிழலில வைக்க இறங்கினது, ஆனா ஒரு விரக்கடை மேலயே நிக்குது. தண்ணி கொதிக்க வைக்க மறந்துபோனன்.