புதுப்பிப்பு: சைஃபானிக் டாய்லெட் மறுபடி இழுக்கிறது (கிருஷ்ணகிரி)

என் கேள்வி: "கழிவை உறிஞ்சி இழுக்கும் சைஃபானிக் டாய்லெட் முன்போல இழுக்கவில்லை, தண்ணீர் ஏறி மெதுவாக இறங்குகிறது. தண்ணீரை அழுத்தத்தோடு தள்ளும் பிரஷர் வகைக்கு மாற்றலாமா?"

எல்லோருக்கும் நன்றி. மாற்றாமலே சரியாகிவிட்டது.

பிளம்பர் அண்ணா சொன்னபடி ஒரு பக்கெட் தண்ணீரை நேராகக் கோப்பையில் வேகமாக ஊற்றினேன். கடகடவென இழுத்துக்கொண்டு போனது. அப்படியென்றால் குழாயில் அடைப்பில்லை, ஃப்ளஷ் தொட்டித் தண்ணீர்தான் வேகமாக வந்து சேரவில்லை. கோப்பை அடியில் உள்ள ஜெட் துளையில் போர் தண்ணீர் உப்பு கெட்டியாகப் படிந்து, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. கோப்பை நீரை இறைத்துவிட்டு, சிட்ரிக் ஆசிட் கரைசலை இரவு முழுக்க ஊறவிட்டு, மரக்குச்சியால் சுரண்டினேன். இப்போது கடைசியில் அந்த 'களக்' சத்தம் மறுபடி வருகிறது. அதுதான் சைஃபான் முழுதாக இழுப்பதன் அடையாளமாம். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பிரஷர் வகை போடச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி. தள்ளும் வேகம் அதிகம்தான். ஆனால் அதற்குச் சுமார் 1.7 பார் அழுத்தம் வேண்டும். 4 மீட்டர் உயர மாடித் தொட்டி தருவது 0.4 பார்தான். சத்தமும் பலம்.

தர்மபுரி அக்கா, உங்கள் வீட்டிலும் இதே கதை என்றீர்கள்; உங்களுடையது செப்டிக் டேங்க் நிரம்பிய கதை, வேறு பிரச்சினை.

கீழ்வீட்டுக்கு, உறிஞ்சாமல் தண்ணீர் வேகத்திலேயே கழிவைத் தள்ளும் சாதாரண வாஷ்டவுன் போடலாமா என்று யோசிக்கிறோம். வளைவு அகலம், அடைப்பு குறைவு, ஆனால் கறை ஒட்டும். இன்னும் முடிவாகவில்லை.