ஆறு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு: மெயினை அணைத்தால் போதுமா?

காவிரிக்கரை:
மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஜூலை முதல் டிசம்பர் வரை டொராண்டோவில் இருக்கப்போகிறோம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் தனி வீடு அதுவரை பூட்டியே இருக்கும். சென்ற முறை மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது வீடெங்கும் சாக்கடை நாற்றம் அடித்தது, அலமாரித் துணிகளில் பூஞ்சை படிந்திருந்தது, மெயினை அணைத்துவிட்டே போயிருந்தும் இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போயிருந்தது. எங்கே தவறினோம்?

மேலவீதி:
ஐயா, ஜன்னல்களோடு வென்டிலேட்டர்களையும் இறுக அடைத்துவிடுங்கள், ஈரம் உள்ளே வராது. சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிடுங்கள். மெயினை அணைத்தது சரிதான்; பேட்டரி பழசாக இருந்திருக்கும்.

பழைய வயர்மேன்:
சிலிண்டரைப் பற்றிச் சொன்னது சரி. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் அதை மின்தடை என்றே எடுத்துக்கொள்ளும். அணைக்க மறந்த ஓர் இரவு விளக்கு இருந்தாலும் போதும், பேட்டரி முழுதாக இறங்கி, அப்படியே மாதக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும். எனவே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முழு சார்ஜ் ஏறியபின் இன்வெர்ட்டரையே அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகு மெயினை அணையுங்கள். அப்படியும் அது மெல்ல இறங்கும் என்பதால் இடையில் இரண்டு மூன்று முறை சார்ஜ் ஏற்ற ஆள் வேண்டும்.

நாற்றத்துக்குக் காரணம், குளியலறைத் தரை ஜாலிக்கு அடியில் தேங்கி நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும் தண்ணீர் வற்றிப்போனதுதான். கிளம்பும் நாளில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதப்படும். ஆனால் ஆறு மாதம் தாங்கும் என்று நம்ப வேண்டாம். வலை அடித்த வென்டிலேட்டர்களை அடைக்காதீர்கள். பூஞ்சை பிடிப்பது காற்று நகராத இடத்தில்தான். அலமாரிக் கதவுகளையும், துடைத்துக் காயவைத்த ஃபிரிட்ஜின் கதவையும் சற்றுத் திறந்தே வையுங்கள்.

தாம்பரம் மாடிவீடு:
பேசாமல் வாடகைக்கு விட்டுவிடலாமே? நாங்கள் பூட்டிவிட்டுப் போன வருடம் ஐப்பசி மழையில் மொட்டைமாடி வடிகுழாயை வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டதால், தேங்கிய நீர் மாடிப்படிக் கதவின் அடியால் கூடத்துக்கே இறங்கிவிட்டது.

காவிரிக்கரை:
ஆறு மாதத்துக்கு யார் குடிவருவார்கள்? வடிகுழாயை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகைகள் வங்கி லாக்கரில் இருக்கின்றன. வெளிக்கதவில் பெரிய தொங்கு பூட்டு போட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று நாமே பலகை மாட்டியது போலாகும் என்பதால் உள்பூட்டு பொருத்தப்போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா தினமும் வாசல் தெளிப்பதாகவும், மாதம் ஒருமுறை ஜாலிகளில் தண்ணீர் ஊற்றுவதாகவும் சொல்கிறார். ஆனால் மகள் கேமரா வை என்கிறாள். மெயினை அணைத்தால் கேமரா எப்படி ஓடும்?

பழைய வயர்மேன்:
மெயினை விட்டுவைத்து, கேமராவுக்கும் மோடத்துக்கும் தனி எம்.சி.பி. போட்டு மற்றவற்றை அணைக்கலாம். ஐப்பசி இடியில் அந்த மோடம் தப்புமா என்பதற்கு நான் உறுதி தர மாட்டேன்.

மேலவீதி:
கேமராவைவிட அந்த அக்காவிடம் சாவியைக் கொடுப்பதே மேல்.

காவிரிக்கரை:
சாவியைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அவரும் தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போய்விடுவார், மழை கொட்டுவதும் அப்போதுதான்.