ஸ்டாப், ரிமெம்பருக்குப் பின்னாடி ‘டு’வா ‘இங்’கா? பார்த்ததைப் பகிருங்க

ராயபுரம் ஷிப்பிங் ஆபீஸ்:
கன்டெய்னர் லாரி மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுவது: ‘த டிரைவர் ஸ்டாப்டு செக்கிங் த சீல்.’ எழுதினவர் சொல்ல வந்தது, எண்ணூர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி டிரைவர் சீலைப் பார்த்தார் என்பது. படிக்கிறவருக்குப் புரிவதோ, அவர் சீல் பார்க்கிற வழக்கத்தையே விட்டுவிட்டார் என்று. சீல் விஷயத்தில் இது பெரிய வில்லங்கம். ‘ஸ்டாப்டு டு செக்’ என்று இருக்கணும்.

தண்டையார்பேட்டை டியூஷன் டீச்சர்:
ஆமா சார். முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க. ‘செக் பண்றதை நிறுத்தினார்’னா இங். ‘செக் பண்றதுக்காக வண்டியை நிறுத்தினார்’னா டு, அங்கே நின்னது வண்டி, செக்கிங் அப்போதான் ஆரம்பிக்குது. ரிமெம்பரும் இப்படித்தான். ‘கதவைப் பூட்டினது ஞாபகம் இருக்கு’ன்னா ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’. ‘ஞாபகமா பூட்டினேன்’னா ‘ஐ ரிமெம்பர்டு டு லாக் த டோர்’.

வண்ணாரப்பேட்டை ஜவுளி:
இவ்ளோ எதுக்கு? நடந்து முடிஞ்சதுக்கு இங், இனிமே நடக்கப்போறதுக்கு டு. அவ்ளோதான்.

தண்டையார்பேட்டை டியூஷன் டீச்சர்:
ரிமெம்பர், ஃபர்கெட் ரெண்டுக்கும் அது ஓரளவு கைகொடுக்கும். வெளியே வந்தா உதைக்கும். ‘வி ஆர் கன்சிடரிங் மூவிங் டு ஆவடி’: இன்னும் வீடே மாறல, ஆனாலும் இங். ‘ஐ மேனேஜ்டு டு கெட் எ சீட்’: சீட் கிடைச்சு உட்கார்ந்தாச்சு, ஆனாலும் டு. என் தமிழ் வழிக்கும் எல்லை உண்டு. ‘செஞ்சு முடிச்சேன்’ல ‘றதை’யும் இல்ல, ‘றதுக்கு’ம் இல்ல, அதான் பசங்க ‘ஃபினிஷ்டு டு டூ’ன்னு எழுதறாங்க. ஃபினிஷ், என்ஜாய், அவாய்டு மூணுக்கும் இங் மட்டும்தான், வான்டுக்கு டுன்னு மனசுல ஏத்திக்கிறதைத் தவிர வழியில்ல.

திருவொற்றியூர், வேலை தேடுறேன்:
அப்போ அப்ளிகேஷன் கடைசியில ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ன்னு போடறேனே, டு இருக்கே, சரிதானேக்கா?

தண்டையார்பேட்டை டியூஷன் டீச்சர்:
இல்லப்பா, ‘ஹியரிங்’னு மாத்து. அந்த டு வேற டு. ஹியரிங் இருக்கிற இடத்துல ‘யுவர் ரிப்ளை’யை வெச்சுப் பாரு: ‘லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ உட்காருது. ‘வான்ட் டு யுவர் ரிப்ளை’ உட்காராது. பேர்ச்சொல் உட்கார்ந்தா அங்கே இங்தான் வரும்.

வண்ணாரப்பேட்டை ஜவுளி:
சரி, ‘லைக் ஸ்விம்மிங்’, ‘லைக் டு ஸ்விம்’ ரெண்டும் ஒண்ணுதானே?

ராயபுரம் ஷிப்பிங் ஆபீஸ்:
நீச்சலுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ‘ஐ லைக் டு செக் த சீல் ட்வைஸ்’ என்பதில் ஆசை இல்லை, அப்படிச் செய்வது நல்லது என்கிற தொனி. அந்த இடத்தில் ‘செக்கிங்’ போட்டால், சீல் பார்ப்பதே பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிடும்.

தண்டையார்பேட்டை டியூஷன் டீச்சர்:
பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல அந்தப் பிரிவு கொஞ்சம் கேட்கும் சார். அமெரிக்கக்காரங்க ரெண்டுக்குமே ‘டு’ போடறது சகஜம். அதனால தப்புன்னு மார்க் குறைக்க எனக்கு மனசு வரல.

ராயபுரம் ஷிப்பிங் ஆபீஸ்:
நான் திருத்தத்தான் செய்வேன்.