மைனஸ் 17ல உப்பு போட்டும் ஐஸ் கரையல, ஏன்?

வினிபெக்_கார்த்தி
இங்க எனக்கு இது முதல் விண்டர். நேத்து சாயங்காலம் மைனஸ் 5 இருந்தப்ப வாசப்படில உப்பு தூவினேன், நல்லா இளகி தண்ணியாச்சு, அப்படியே விட்டுட்டு தூங்கிட்டேன். காலைல மைனஸ் 17, அந்த தண்ணி மறுபடி வழவழன்னு உறைஞ்சு கெடக்கு, மேல இன்னும் ரெண்டு கை போட்டா கல்லு கல்லா அப்படியே உக்காந்திருக்கு. மட்டமான உப்பா?

செல்வா82
உப்பு கரையும்போது சூடு வரும் ப்ரோ, அதுலதான் ஐஸ் உருகும். கம்மியா போட்டிருப்பீங்க, நெறைய போடுங்க.

ரோடு_மெயின்டனன்ஸ்_மணி
செல்வா, சூடு வர்றது கால்சியம் குளோரைடுல. சாதா உப்பு கரைஞ்சா கொஞ்சம் குளிரத்தான் செய்யும். ஐஸ் மேல எப்பவும் சில மூலக்கூறு தண்ணிக்கு வரும், சிலது திரும்ப ஐஸ்ல ஒட்டும். தண்ணில உப்பு கலந்துட்டா திரும்ப ஒட்டுறது கொறஞ்சிடும், அதனால பூஜ்யத்துக்கு கீழயும் உருகிட்டே போகும்.

கார்த்தி, உங்க உப்புல குறை இல்ல. 1 கிலோ உப்பு 9 கிலோ தண்ணில கலந்தா 10 சதவீதம், அது உறையறது மைனஸ் 6.5 கிட்ட, அதான் சாயங்காலம் வேலை செஞ்சுது. மைனஸ் 16 வரைக்கும் உறையாம இருக்கணும்னா 20 சதவீதம் வேணும், அதாவது அதே 1 கிலோவுக்கு 4 கிலோ தண்ணிதான் தாங்கும். உருக உருக உப்பு நீர்த்துப்போகுது, ராத்திரி குளிர் ஏறினதும் உறைஞ்சிருச்சு. இளகினதுமே தள்ளி விட்டிருக்கணும்.

இன்னொண்ணு, உப்பு கரைய முதல்ல கொஞ்சமாச்சும் ஈரம் வேணும். வேலை செய்யுதுன்னா ஒவ்வொரு கல்லுக்கு கீழயும் குட்டி குழி விழும். காஞ்சே கெடந்தா அந்த குளிருக்கு அது ஆகாதுன்னு அர்த்தம். ஏட்டுக்கணக்குல சாதா உப்பு மைனஸ் 21 வரைக்கும் போகும், ஆனா தரை மைனஸ் 10க்கு கீழ போயிட்டா ரொம்ப மெதுவு. கால்சியம் குளோரைடு காத்துல இருக்க ஈரத்தையே இழுத்துக்கும், அத வாங்குங்க, இல்லன்னா வழுக்காம இருக்க மணல் போடுங்க.

ஸ்காபரோ_சுதா
எங்கட வாசல் படி போன வருசம்தான் கொங்கிறீற் போட்டது, இப்ப மேல செதில் செதிலா கழண்டு வருது. உப்பாலதானோ? போட்டவரிட்ட கேட்டா ஒண்டும் சொல்றாரில்ல.

ரோடு_மெயின்டனன்ஸ்_மணி
உப்பு போட்டா தண்ணி உருகி உள்ள எறங்கி திரும்ப உறையறது அடிக்கடி நடக்கும், அதுல மேல்தோல் உரியும், புது கான்கிரீட்டுக்கு முதல் விண்டர்ல உப்பே போடாம இருக்கறது நல்லது. ஆனா கலவை சரியில்லன்னாலும் இதே மாதிரிதான் உரியும், பாக்காம எதுன்னு சொல்ல முடியாது.

வினிபெக்_கார்த்தி
நன்றிண்ணே. கால்சியம் வாங்கிட்டு வந்து போட்டேன், கொஞ்ச நேரத்துல குழி விழுந்துச்சு, மண்வெட்டியால நெம்பி தள்ளிட்டேன். மூட்டைய தெறந்து வச்சா ஈரம் கோத்து கட்டியாயிடுமா? பின்பக்கம் மரப்படி இருக்கு, அதுல போடலாமா?

ரோடு_மெயின்டனன்ஸ்_மணி
ஆமா ஆயிடும், மூடி போட்ட வாளில கொட்டி வைங்க. மரப்படிக்கு நான் மணல்தான் போடுவேன், ஆணி துருப்பிடிக்கும். மரத்துக்கு என்ன ஆகும்னு தச்சு வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.